டொமைன் ஒரு கம்பெனியில், வெப்சைட் பில்டர் இன்னொரு கம்பெனியில்: இணைத்த பிறகும் தளம் திறக்காவிட்டால்

டொமைனை இணைத்தாயிற்று, தளம் மட்டும் வரவில்லை என்று கேட்டால், இரண்டு கம்பெனிகளின் உதவிப் பிரிவும் முதலில் சொல்வது ஒன்றுதான்: 48 மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். சில நேரம் அது சரியான பதில். பல நேரம் அது இரண்டு நாளை வீணாக்கும் பதில். பொறுத்திருந்தால் தானாகச் சரியாகிவிடும் கோளாறு ஒரு வகை. பொறுத்திருந்தாலும் அப்படியே கிடக்கும் கோளாறு இன்னொரு வகை. உங்களுடையது எந்த வகை என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். அதைத்தான் இங்கே அறிகுறி வாரியாகச் சொல்கிறேன்.

முதலில், சரியான இணைப்பு எப்படி இருக்கும்

ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுவோம். இணைப்பதற்காக டொமைனை பில்டர் கம்பெனிக்கு டிரான்ஸ்ஃபர் செய்ய வேண்டியதில்லை. டொமைன் வாங்கிய இடத்திலேயே இருக்கட்டும், அங்கேயே வருடா வருடம் புதுப்பித்துக்கொள்ளலாம். மாற்றப் போவது அதன் டிஎன்எஸ் விவரங்களை, அதாவது அந்தப் பெயரைத் தேடுபவரை எந்த சர்வருக்கு அனுப்புவது என்ற குறிப்புகளை மட்டும்தான். அந்தக் குறிப்பு ஒவ்வொன்றுக்கும் ரெக்கார்டு என்று பெயர்.

பில்டர் கணக்கில் போய், ஏற்கனவே சொந்தமாக உள்ள டொமைனைச் சேர்க்கும் பகுதியைத் திறந்து பெயரைக் கொடுங்கள். என்ன விவரம் போட வேண்டும் என்று அது ஒரு பட்டியல் காட்டும். அதை டொமைன் வாங்கிய கம்பெனியின் டிஎன்எஸ் பக்கத்தில் அப்படியே பதிய வேண்டும். பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```
Type    Host   Value
A       @      203.0.113.10
CNAME   www    sites.builder.example
```

இங்குள்ள மதிப்புகள் எல்லாம் மாதிரிக்குத்தான். உங்கள் பில்டர் காட்டுவதைத்தான் போட வேண்டும். A ரெக்கார்டு ஒரு பெயரை நேரடியாக ஒரு ஐபி முகவரிக்கு அனுப்பும், CNAME ரெக்கார்டு இன்னொரு பெயரைப் பார்க்கச் சொல்லும். `@` என்றால் வெறும் டொமைன், அதாவது `example.com`. இரண்டாவது வரி `www.example.com` என்று அடிப்பவர்களுக்கு. பதிந்து சேமித்த பிறகு, பில்டர் பக்கத்துக்குத் திரும்பி வந்து சரிபார்க்கும் பட்டனை அழுத்துங்கள்.

இன்னொரு வழியும் உண்டு: இந்த ரெக்கார்டுகளை வைத்திருந்து பதில் சொல்லும் சர்வரான நேம்செர்வரையே பில்டருடையதாக மாற்றிவிடுவது. அதைச் செய்தால் மொத்த டிஎன்எஸ்ஸும் அவர்கள் கைக்குப் போய்விடும். அந்த டொமைனில் ஏற்கனவே இமெயில் ஓடுகிறது என்றால் நான் ரெக்கார்டு வழியைத்தான் சொல்வேன். காரணம் கடைசியில் வருகிறது.

அறிகுறி: எல்லாம் சரியாகப் போட்டாயிற்று, எந்த மாற்றமும் தெரியவில்லை

இதுதான் அதிகம் பேர் மாட்டும் இடம். எனவே இதை நிதானமாகப் பார்ப்போம்.

உங்கள் டொமைனுக்கு யார் பதில் சொல்வது என்பதை நேம்செர்வர்தான் முடிவு செய்கிறது. டொமைன் வாங்கிய கம்பெனியின் பக்கத்தில் டிஎன்எஸ் ரெக்கார்டு போட ஓர் இடம் இருப்பதாலேயே, உலகம் அங்கே வந்து கேட்கிறது என்று அர்த்தமில்லை. முன்பு வேறு எங்கோ ஹோஸ்டிங் எடுத்து, அப்போது நேம்செர்வரை மாற்றியிருந்தால், கேள்வி எல்லாம் இன்னமும் அங்கேதான் போகும். நீங்கள் இங்கே எவ்வளவு சரியாக எழுதினாலும் யாரும் படிக்க மாட்டார்கள். சில கம்பெனிகளின் பக்கம் இதை எச்சரிக்கும். சிலவற்றில் எச்சரிக்கையே வராது, சேமித்தாயிற்று என்று பச்சைக் குறி மட்டும் வரும்.

கமாண்ட் விண்டோவைத் திறந்து இதை அடியுங்கள்:

```
nslookup -type=ns example.com 8.8.8.8
```

`8.8.8.8` என்பது கூகுளின் பொது டிஎன்எஸ். உங்கள் வீட்டு ரவுட்டர் பழைய பதிலை வைத்துக்கொண்டிருந்தாலும் அது குறுக்கே வராமல் இருக்கத்தான் அதைச் சேர்க்கிறோம். பதிலில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நேம்செர்வர் பெயர்கள் வரும். அதில் தெரியும் கம்பெனி எதுவோ, ரெக்கார்டை அங்கே போய்த்தான் போட வேண்டும். அந்தக் கணக்கு இப்போது கையில் இல்லை என்றால், டொமைன் வாங்கிய கம்பெனியில் நேம்செர்வரை அவர்களுடைய இயல்பு நிலைக்கே திருப்பிவிட்டு, ரெக்கார்டுகளை அங்கே போடுங்கள்.

நேம்செர்வர் சரியாகத்தான் இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி: அந்த நேம்செர்வர் என்ன சொல்கிறது? அதையே நேரடியாகக் கேட்கலாம். முதல் கமாண்டில் வந்த பெயரை இதன் கடைசியில் போடுங்கள்:

```
nslookup -type=a example.com ns1.registrar.example
nslookup -type=a example.com 8.8.8.8
```

இந்த இரண்டு வரியும் சேர்ந்துதான் தீர்ப்பு சொல்லும். முதல் வரியில் புது முகவரி, இரண்டாவதில் பழைய முகவரி வந்தால், உங்கள் வேலை முடிந்துவிட்டது. பழைய பதில் அங்கங்கே சேமிப்பில் கிடக்கிறது, காலாவதியானதும் தானாக மாறும். இங்கேதான் காத்திருப்பது சரி. ஆனால் முதல் வரியிலேயே பழைய முகவரி வந்தால், மூலத்திலேயே தவறு. அல்லது நீங்கள் சேமித்தது இன்னும் நேம்செர்வருக்குப் போய்ச் சேரவில்லை. அதற்கு வழக்கமாகச் சில நிமிடம்தான் ஆகும். அரை மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தால் இனி காத்திருப்பதில் பயனில்லை, டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதும் ஊகம் இல்லை. ஒவ்வொரு ரெக்கார்டிலும் TTL என்று ஓர் எண் இருக்கும், அது விநாடிக் கணக்கு. 3600 என்றால் பழைய பதில் அதிகபட்சம் ஒரு மணி நேரம் சேமிப்பில் இருக்கலாம். 86400 என்றால் ஒரு நாள். கவனிக்க வேண்டியது, மாற்றுவதற்கு முன் இருந்த TTL எவ்வளவு என்பதை. இப்போது 300 என்று குறைத்தாலும், ஏற்கனவே ஒரு நாளுக்கு எடுத்து வைத்துக்கொண்டவர்களிடம் அது எடுபடாது. மேக் அல்லது லினக்ஸ் வைத்திருப்பவர்கள் `dig example.com A @8.8.8.8` என்று அடித்தால் பதில் வரியின் நடுவே மீதமுள்ள விநாடிகள் தெரியும். அந்த எண் பூஜ்யத்தை நெருங்கியதும் மறுபடி கேட்டுப் பாருங்கள்.

48 மணி நேரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? .com டொமைன்களுக்கு, மேல்மட்ட சர்வர்கள் கொடுக்கும் நேம்செர்வர் விவரத்தின் TTL 172800 விநாடி. அதாவது சரியாக இரண்டு நாள். ஆகவே நேம்செர்வரை மாற்றியவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தும். ரெக்கார்டை மட்டும் மாற்றியவர்கள் அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டி வருவது அபூர்வம்.

அறிகுறி: ஒரு சமயம் புதுத் தளம், ஒரு சமயம் பார்க்கிங் பக்கம்

இதை ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். டொமைன் வாங்கியவர் A ரெக்கார்டையும் CNAME ரெக்கார்டையும் பில்டர் சொன்னபடியே போட்டுவிட்டார். அவர் லேப்டாப்பில் தளம் வருகிறது, ரெஃப்ரெஷ் செய்தால் சில சமயம் டொமைன் கம்பெனியின் விளம்பரப் பக்கம் வருகிறது. மொபைல் டேட்டாவில் பார்த்தால் எப்போதுமே விளம்பரப் பக்கம்தான். பில்டர் பக்கத்தில் இணைப்பு முழுமையடையவில்லை என்ற வாசகம் போகவே இல்லை. கேட்டுப் பார்த்தால் பதில் இப்படி வருகிறது:

```
nslookup -type=a example.com 8.8.8.8
Address: 203.0.113.10
Address: 198.51.100.7

nslookup -type=aaaa example.com 8.8.8.8
Address: 2001:db8::7
```

முதல் முகவரி பில்டருடையது. இரண்டாவது, டொமைன் வாங்கியபோதே கம்பெனி தானாகப் போட்டு வைத்த பார்க்கிங் முகவரி. புதியதைச் சேர்த்தவர் பழையதை நீக்கவில்லை. ஒரே பெயருக்கு இரண்டு A ரெக்கார்டு இருந்தால் பிரவுசர் இரண்டில் ஏதாவது ஒன்றுக்குப் போகும். லேப்டாப்பில் மாறி மாறி வந்ததற்குக் காரணம் அதுதான்.

மொபைல் கதை வேறு. AAAA என்பது ஐபிவி6 எனும் புதிய வகை இணைய முகவரி. பல மொபைல் நெட்வொர்க்குகள் ஐபிவி6 வழியைத்தான் முதலில் எடுக்கும். அந்த வழியில் பார்க்கிங் சர்வர் மட்டுமே இருப்பதால் எத்தனை முறை திறந்தாலும் அங்கேதான் போய் நிற்கும். லேப்டாப் இருந்த இணைப்பில் ஐபிவி6 இல்லை, அதனால் அங்கே இது தெரியவே இல்லை. உங்களுக்குத் தளம் வருகிறது, மற்றவர்களுக்கு வரவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

தீர்வு: `@` என்ற பெயரில் உள்ள A, AAAA ரெக்கார்டுகளில் பில்டர் கொடுத்ததைத் தவிர மற்ற அனைத்தையும் நீக்க வேண்டும். சில பில்டர்கள் இரண்டு, நான்கு என்று A முகவரிகள் கொடுப்பார்கள், அவை அத்தனையும் இருக்கலாம். அவர்கள் AAAA எதுவும் கொடுக்கவில்லை என்றால் அங்கே AAAA இருக்கவே கூடாது. `www` பெயரிலும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

நம் உதாரணத்தில் இன்னொரு சிக்கலும் வந்தது. பழைய A ரெக்கார்டை நீக்கப் போனால் பட்டனே வேலை செய்யவில்லை. இப்படி நடந்தால் டிஎன்எஸ் பக்கத்தைவிட்டு வெளியே வந்து, டொமைன் ஃபார்வேர்டிங் அல்லது பார்க்கிங் என்ற அமைப்பு ஆனில் இருக்கிறதா என்று தேடுங்கள். அது ஆனில் இருக்கும்வரை கம்பெனியே அந்த ரெக்கார்டைப் பிடித்து வைத்திருக்கும், நீக்கினாலும் திரும்பி வரும். அதை ஆஃப் செய்ததும் ரெக்கார்டு தானாகப் போய்விடும், இல்லையென்றால் நீக்க அனுமதி கிடைக்கும்.

அறிகுறி: ரெக்கார்டு கண்ணுக்குத் தெரிகிறது, பில்டர் மட்டும் இல்லை என்கிறது

Host என்ற கட்டத்தில் `www` என்று மட்டும் போட வேண்டுமா, `www.example.com` என்று முழுதாகப் போட வேண்டுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெரும்பாலான இடங்களில் டொமைன் பெயரை அவர்களே பின்னால் ஒட்டிக்கொள்வார்கள். அங்கே முழுதாகப் போட்டால் பெயர் இரட்டித்துவிடும். சந்தேகமாக இருந்தால் அந்தத் தவறான பெயரையே கேட்டுப் பாருங்கள்:

```
nslookup -type=cname www.example.com.example.com 8.8.8.8
```

இதற்குப் பில்டரின் முகவரி பதிலாக வந்தால், கோளாறு இதுதான் என்று உறுதி. ரெக்கார்டைத் திருத்தி வெறும் `www` என்று வையுங்கள். பில்டர் உரிமையைச் சரிபார்க்க TXT ரெக்கார்டு ஒன்று போடச் சொல்லியிருந்தால், அதிலும் இதே தவறு நடக்கும்.

வெறும் டொமைனுக்கு CNAME போடப் பார்த்து பிழை வருவது இன்னொரு வழக்கம். CNAME இருக்கும் பெயரில் வேறு ரெக்கார்டு இருக்கக் கூடாது என்பது டிஎன்எஸ் விதி. வெறும் டொமைனில் நேம்செர்வர் ரெக்கார்டுகள் எப்போதுமே இருக்கும், எனவே அங்கே CNAME கூடாது. கம்பெனி ALIAS அல்லது ANAME என்ற வகையைக் கொடுத்தால் அதைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் பில்டரிடம் A முகவரி கேட்டு வாங்குங்கள். `www` பெயரில் ஏற்கனவே ஒரு A ரெக்கார்டு இருந்தால் CNAME சேராததற்கும் இதே காரணம்தான்: முதலில் பழையதை நீக்க வேண்டும்.

டிஎன்எஸ் எல்லாம் சரி, ஆனால் திறந்தால் பில்டர் கம்பெனியின் சொந்தப் பிழைப் பக்கம் வருகிறதா? அப்படியானால் டொமைன் கம்பெனி பக்கம் வேலை முடிந்தது. வந்தவர் பில்டர் வாசல்வரை வந்துவிட்டார், அந்தப் பெயர் எந்தத் தளத்துக்கு உரியது என்று அவர்களுக்குத்தான் தெரியவில்லை. பில்டர் கணக்கில் டொமைனைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம், வேறு ஒரு தளத்தோடு அல்லது பழைய கணக்கோடு அது ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது உங்கள் திட்டம் சொந்த டொமைனை அனுமதிக்காத இலவசத் திட்டமாக இருக்கலாம்.

அறிகுறி: தளம் வருகிறது, பாதுகாப்பற்றது என்கிறது பிரவுசர்

`NET::ERR_CERT_COMMON_NAME_INVALID` என்று வந்தால், உங்கள் டொமைன் பெயருக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் எடுக்கப்படவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். டிஎன்எஸ் சரியான பிறகுதான் பில்டர் அதற்கு விண்ணப்பிக்கும், சில நிமிடம் முதல் சில மணி நேரம் வரை ஆகலாம். அந்த நேரத்தில் டொமைனை நீக்கி நீக்கிச் சேர்க்காதீர்கள். சான்றிதழ் தருபவர்கள் தோல்வியுற்ற முயற்சிகளுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள், அவசரப்பட்டால் இன்னும் தள்ளித்தான் போகும்.

ஒரு நாள் ஆகியும் வரவில்லை என்றால் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, மேலே சொன்ன மிச்சமிருக்கும் AAAA. இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் சரிபார்க்கும்போது ஐபிவி6 முகவரி இருந்தால் அதைத்தான் முதலில் தேடிப் போகும், அங்கே பார்க்கிங் சர்வர் பதில் சொன்னால் சோதனை தோற்கும். இரண்டு, CAA என்ற ரெக்கார்டு. எந்த நிறுவனம் இந்த டொமைனுக்குச் சான்றிதழ் தரலாம் என்று அதில் எழுதியிருக்கும். பழைய ஹோஸ்டிங் காலத்து CAA ஒன்று கிடந்து, அதில் உங்கள் பில்டர் பயன்படுத்தும் நிறுவனம் இல்லை என்றால் சான்றிதழ் வரவே வராது.

அறிகுறி: டொமைனே எங்கும் திறக்கவில்லை

`DNS_PROBE_FINISHED_NXDOMAIN` என்று எல்லா இடத்திலும் வந்து, நேம்செர்வர் கேள்விக்கும் பதில் இல்லை என்றால், `lookup.icann.org` தளத்தில் டொமைனைத் தேடி அதன் நிலையைப் பாருங்கள். `clientHold` என்று இருந்தால் டொமைன் கம்பெனியே அதை நிறுத்தி வைத்திருக்கிறது. .com போன்ற டொமைன்களில், வாங்கிய 15 நாளுக்குள் தொடர்பு விவரத்தை உறுதி செய்யச் சொல்லி ஒரு மெயில் வரும். அதைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். மெயிலை மறுபடி அனுப்பச் சொல்லி, அந்த இணைப்பை அழுத்தினால் போதும்.

நேம்செர்வரை மாற்றிய பிறகு பதிலாக `SERVFAIL` வந்தால் அது வேறு விஷயம். டிஎன்எஸ் பதில் போலியில்லை என்று உறுதி செய்யும் டிஎன்எஸ்செக் பழைய இடத்தில் ஆனில் இருந்திருக்கும், அதன் சாவி விவரமான DS ரெக்கார்டு டொமைன் கம்பெனியிடம் இன்னும் இருக்கும். புது நேம்செர்வரின் பதிலை அந்தப் பழைய சாவியோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாததால் `8.8.8.8` போன்ற ரிசால்வர்கள் நிராகரிக்கின்றன. DS ரெக்கார்டை நீக்கிவிடுங்கள். .com டொமைனுக்கு அதன் TTL ஒரு நாள், எனவே இங்கேயும் நீக்கிய பிறகு காத்திருப்பது நியாயம்தான்.

அறிகுறி: தளம் வந்துவிட்டது, இமெயில் நின்றுவிட்டது

நேம்செர்வர் வழியில் போனவர்களுக்கு நான் முதலில் எச்சரித்தது இதைத்தான். இமெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் MX ரெக்கார்டுகள் பழைய நேம்செர்வரில் இருந்தன. மாறியபோது அவை கூடவே வருவதில்லை. கஷ்டம் என்னவென்றால், சில கம்பெனிகளில் நேம்செர்வர் மாறியதும் பழைய ரெக்கார்டுப் பக்கமே மறைந்துவிடும், என்ன இருந்தது என்று பார்க்கக்கூட முடியாது. அப்போதும் பழைய நேம்செர்வர் பல நேரம் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். அதை நேரடியாகக் கேளுங்கள்:

```
nslookup -type=mx example.com ns1.registrar.example
nslookup -type=txt example.com ns1.registrar.example
```

வரும் MX வரிகளை, முன்னால் உள்ள எண்ணோடு, பில்டரின் டிஎன்எஸ் பக்கத்தில் பதியுங்கள். TXT பதிலில் `v=spf1` என்று தொடங்கும் வரி, உங்கள் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு அனுமதி என்று சொல்வது. அதையும் அப்படியே கொண்டு வாருங்கள், இல்லையென்றால் நீங்கள் அனுப்பும் மெயில் ஸ்பேமில் விழலாம். மெயிலின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் டிகேஐஎம் ரெக்கார்டு மட்டும் இந்தக் கேள்வியில் வராது, அது தனிப் பெயரில் இருக்கும். அதை உங்கள் இமெயில் சேவையின் அமைப்புப் பக்கத்திலிருந்து புதிதாக எடுத்துக்கொள்ளலாம். இடையில் வராமல் போன மெயில்களில் பெரும்பாலானவற்றை அனுப்பியவரின் சர்வர் சில நாள்வரை மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும். எனவே MX ரெக்கார்டை அன்றைக்கே சரிசெய்துவிட்டால் அவற்றில் பல தாமதமாகவாவது வந்து சேர்ந்துவிடும்.